யார் எவர் தொகுப்பில் அச்சான பிறந்த தேதியை நம்பலாமா?

கேள்வி: எங்களுக்குக் கும்பகோணம் பக்கம். தாத்தாவைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுகிறோம். 1960-களில் அச்சான ஒரு யார் எவர் தொகுப்பில் அவரைப் பற்றி எட்டு வரி இருக்கிறது. பிறப்பு 1-6-1908, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பி.ஏ., தொழில் விவசாயம், நகராட்சித் தலைவர். 1940-களில் வந்த வேறொரு தொகுப்பில் 'மிராசுதார்' என்றும், படிப்புக்குக் கல்லூரிப் பெயர் மட்டும் இருக்கிறது. ஜாதகத்திலோ கீலக வருஷம் மாசி மாதம். நகராட்சி அலுவலகப் பெயர்ப் பலகையில் தாத்தா பெயர் இல்லை. "மூணு இடத்துல அச்சாகியிருக்கு, அதை மாத்தாதே" என்கிறார் சித்தப்பா. எதை ஐயா போடுவது?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த எட்டு வரி எப்படி அச்சேறியது என்று முதலில் பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். யார் எவர் தொகுப்பு போடுகிறவர்கள் ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதுவது அபூர்வம். ஒரு பாரத்தை அச்சடித்துத் தபாலில் அனுப்புவார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கல்வி, தொழில், வகித்த பதவிகள், விலாசம் என்று அதில் கட்டங்கள் இருக்கும். உங்கள் தாத்தா அதை நிரப்பி அனுப்பியிருப்பார், அல்லது அவர் சொல்லச் சொல்ல வீட்டில் யாராவது எழுதியிருப்பார்கள். தொகுப்பாளர் அதைச் சுருக்கி, வரிசைப்படுத்தி, ப்ரூஃப் ஒன்று அனுப்பியிருப்பார். அது திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் புத்தகம் அச்சுக்குப் போய்விடும். ஆகவே அந்த எட்டு வரியைச் சொன்னவர் தாத்தா. தொகுப்பாளர் எழுத்துப் பிழை பார்த்திருப்பார், உண்மை பார்த்திருக்க மாட்டார்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. இந்த வகைக்கே முன்மாதிரியான லண்டன் 'ஹூ'ஸ் ஹூ' 1849-இல் தொடங்கியபோது பதவியில் இருப்பவர்களின் வெறும் பெயர்ப் பட்டியலாகத்தான் இருந்தது. 1897-இலிருந்து வாழ்க்கைக் குறிப்புகள் சேர்ந்தன. அவற்றுக்கான விவரத்தைச் சம்பந்தப்பட்டவர்களிடமே பாரம் அனுப்பிக் கேட்டு வாங்கினார்கள். ஆண்டுதோறும் ப்ரூஃப் அனுப்பித் திருத்தியும் வாங்குகிறார்கள். ஒருவர் இறந்துவிட்டால் அந்தக் குறிப்பு, இறந்த தேதி சேர்க்கப்பட்டு, 'ஹூ வாஸ் ஹூ' என்ற வேறொரு வரிசைக்குப் போய்விடும். அதாவது அவர் தம்மைப் பற்றித் தாமே சொன்ன சொற்களே பெரும்பாலும் நிலைத்துவிடுகின்றன. 1899-இல் தொடங்கிய அமெரிக்கத் தொகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தப்பட்டவர் விவரம் தராமல் ஆசிரியர் குழுவே தேடி எழுதிய குறிப்பாக இருந்தால் அதன் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். இதைக் கவனியுங்கள். அவரே சொன்னதுதான் அங்கே இயல்பு, மற்றவர் தேடி எழுதியதற்குத்தான் எச்சரிக்கைக் குறி. ஆதாரம் என்று நீங்களும் நானும் நினைப்பதற்கு இது நேர்மாறு.

அதற்காகத் தாத்தா சொன்னதெல்லாம் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய பெற்றோர் பெயர், பூர்வீகக் கிராமம், எத்தனை பிள்ளைகள், எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பவற்றுக்கெல்லாம் அவரைவிட நல்ல சாட்சி இல்லை. ஒவ்வொரு வரியையும் எடுத்து வைத்துக்கொண்டு, இது அவருக்கு நேரடியாகத் தெரிந்ததா, இதைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல அவருக்கு ஏதாவது காரணம் உண்டா, தப்பாக இருந்தால் அன்றைக்கு யாராவது மறுத்திருப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். எட்டு வரிக்கும் ஒரே பதில் வராது. வரிக்கு வரி நம்பிக்கையின் அளவு மாறும்.

பிறந்த தேதியில் தொடங்குவோம், உங்கள் கேள்வியின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. ஒரு மனிதருக்குத் தம் வாழ்க்கையில் தாமே சாட்சியாக இருக்க முடியாத சம்பவம் அவருடைய பிறப்பு. அந்தத் தேதி அவருக்கு இன்னொருவர் சொல்லித் தெரிந்தது, அல்லது ஒரு காகிதத்தைப் பார்த்துத் தெரிந்தது. ஆகவே அவர் எந்தக் காகிதத்தைப் பார்த்து எழுதினார் என்பதைத்தான் தேட வேண்டும்.

ஜூன் 1 என்ற தேதியைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தலைமுறையில் பலருக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு, வீட்டில் ஒன்று, ஸ்கூலில் ஒன்று. பையனைக் கொண்டுபோய் விடும்போது வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொல்லுவார்கள். தொட்டுவிட்டால் வயசு ஆகிவிட்டது என்று, பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி ஒரு தேதியை வாத்தியார் எழுதிக்கொள்வார். சேர்க்கைப் பதிவேட்டில் ஏறிய அந்தத் தேதியே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கும் போகும். அதற்கப்புறம் வேலை, ஓய்வு, ஆபீஸ் காகிதம் எல்லாவற்றுக்கும் அதுதான். நான் நூலகத்தில் இருந்த காலத்தில் ஒரு கல்லூரியின் விழா மலருக்காகப் பழைய மாணவர் விவரத் தொகுப்பு ஒன்று தயாரித்தோம். வந்த பாரங்களில் ஒரு பெரியவர் பிறந்த தேதிக் கட்டத்தில் தேதியை எழுதி, பக்கத்திலேயே சின்ன எழுத்தில் "எஸ்.எஸ்.எல்.சி. படி" என்று சேர்த்திருந்தார். எவ்வளவு நேர்மையான மனுஷர்! அச்சுக்குப் போகும்போது இடமில்லை என்று அந்தச் சொற்களை நாங்கள் வெட்டிவிட்டோம். அதோடு அந்தத் தேதி சாதாரணப் பிறந்த தேதி ஆகிவிட்டது. இன்று அந்த மலரைப் பார்க்கிறவருக்கு அவர் எச்சரித்தது தெரிய வழியில்லை.

இப்போது ஜாதகத்துக்கு வருவோம். கீலக வருஷம் 1908 ஏப்ரல் நடுவில் பிறந்து 1909 ஏப்ரலில் முடிகிறது. மாசி அதன் கடைசிப் பக்கம். எனவே கீலக வருஷ மாசி என்றால் 1909 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கீலகவுக்கு நேரே 1908 என்று பட்டியலில் இருப்பதைப் பார்த்து அதை அப்படியே எழுதிவிடுவார்கள். மார்கழிக் கடைசி, தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கெல்லாம் அதனால் ஒரு ஆண்டு பின்னால் போய்விடும். தாத்தாவின் 1908 பள்ளிக்கூடத்திலிருந்தே வந்திருக்கலாம், இப்படி மாற்றி எழுதியதிலும் வந்திருக்கலாம். இரண்டில் எதுவானாலும் ஜாதகத்துக்கும் அச்சுக்கும் உள்ள ஒன்பது மாத வித்தியாசத்துக்கு யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஜாதகத்தை நான் ஒரு படி மேலே வைக்கக் காரணம், அது தன்னைத் தானே சோதித்துக்கொள்ள இடம் தருகிறது. வருஷம், மாதம், தேதியோடு கிழமை, நட்சத்திரம், திதி எல்லாம் அதில் இருக்கும். கணிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாசி மாதம் அந்தத் தேதியில் அந்தக் கிழமையும் அந்த நட்சத்திரமும் ஒன்றாக அமைந்தனவா என்று அவர் பார்த்துச் சொல்வார். பொருந்தினால் அதற்கு இணையான ஆங்கிலத் தேதியும் கிடைத்துவிடும். பொருந்தாவிட்டால் நகல் எடுக்கும்போது ஏதோ பிசகியிருக்கிறது. 1-6-1908 என்ற அச்சுத் தேதியில் இப்படி உள்ளே போய்ச் சோதிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது பிறந்தபோது கணித்ததா, பின்னால் கல்யாணத்துக்காக நகல் எடுத்ததா என்று பாருங்கள். நகல் என்றால் அதன் மதிப்பு கொஞ்சம் குறைகிறது.

இன்னொரு சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்க வாய்ப்புண்டு. அறுபது வருஷம் சுற்றிக் கீலக வருஷம் மறுபடி வந்தது 1968–69-இல். தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்ததா? திருக்கடையூரில் செய்திருந்தாலும் சரி, வீட்டோடு செய்திருந்தாலும் சரி, பத்திரிகை அடித்திருப்பார்கள், போட்டோ எடுத்திருப்பார்கள். அது 1969 பிப்ரவரி, மார்ச்சில் நடந்திருந்தால், பிறந்தது கீலக மாசி என்று குடும்பமே நம்பி நடந்திருக்கிறது. 1968 ஜூன் வாக்கில் நடந்திருந்தால் என் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். கிராமப் பிறப்புப் பதிவேடு கிடைத்தால் இன்னும் நல்லது. தேடும்போது தாத்தா பெயரைத் தேடாதீர்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுவதால் பல இடத்தில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். கொள்ளுத்தாத்தா பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

சித்தப்பா சொல்லும் 'மூன்று இடம்' எவை என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமாக அது யார் எவர் தொகுப்பு, ஒரு விழா மலர், இறந்தபோது வந்த இரங்கல் செய்தி, இப்படித்தான் இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சொற்கள் அதே வரிசையில் வருகின்றனவா? தொகுப்பில் இருக்கும் அச்சுப் பிழை, இனிஷியல் மாறியது போன்றவை மற்ற இரண்டிலும் அப்படியே இருக்கின்றனவா? ஒரே தப்பு மூன்றிலும் இருந்தால் மூன்றும் ஒன்றைப் பார்த்து எழுதியவை. ஒரே வாய்க்கால் மூன்று வயலுக்குப் பாய்வதால் மூன்று ஆறு ஆகிவிடுமா? தலைமடையில் கலங்கினால் கடைமடை வரைக்கும் கலங்கல்தான். சித்தப்பாவிடம் இதை இந்தப் பக்கத்துக்காரராகவே சொல்லிப் பாருங்கள், அவருக்குச் சட்டென்று புரியும். மூன்றில் எது முதலில் வந்தது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு விஷயத்தில் உங்களிடம் இரண்டு தொகுப்புகள் இருப்பது பெரிய வசதி. 1940-களில் கல்லூரிப் பெயர் மட்டும் இருக்கிறது, 1960-களில் பி.ஏ. வந்துவிட்டது. 1909-இல் பிறந்தவர் பட்டம் வாங்கியிருந்தால் 1930 வாக்கில் வாங்கியிருப்பார். அதற்கு நெருக்கமான தொகுப்பில் இல்லாதது முப்பது வருஷம் கழித்து வருகிறது என்றால் நின்று யோசிக்கத்தான் வேண்டும். அவசரப்பட்டு முடிவுக்கு வரவும் வேண்டாம். முதல் பாரத்தில் 'கல்வி பயின்ற இடம்' என்றும், இரண்டாவதில் 'கல்வித் தகுதி' என்றும் கேட்டிருக்கலாம். கேள்வி மாறினால் பதில் மாறும். இந்தத் தொகுப்புகளைப் படிக்கும்போது அச்சான பதிலுக்குப் பின்னால் என்ன கேள்வி இருந்தது என்று ஊகித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். அதே புத்தகத்தில் மற்றவர்களுடைய குறிப்புகள் பத்தைப் படியுங்கள். எல்லோருக்கும் கல்லூரிப் பெயர் மட்டும்தான் இருக்கிறது, பட்டம் யாருக்குமே இல்லை என்றால் தாத்தாவுக்கு இல்லாததில் அர்த்தம் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு பி.ஏ., பி.எல். எல்லாம் போட்டிருந்து, அவருக்கு மட்டும் கல்லூரிப் பெயரோடு நின்றிருந்தால் அதில் அர்த்தம் உண்டு.

அந்தக் காலத்தில் 'பி.ஏ. படித்தவர்' என்பதும் 'பி.ஏ. பட்டதாரி' என்பதும் பேச்சில் ஒன்றாகவே புழங்கின. கும்பகோணம் கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. ஆங்கிலம் ஒரு பகுதி, விருப்பப் பாடம் ஒரு பகுதி என்று தனித்தனியாகத் தேற வேண்டும். ஒன்றில் தேறி ஒன்றில் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். ஊரில் அவர்களை பி.ஏ. என்றே சொன்னார்கள், அவர்களும் காலப்போக்கில் அப்படியே சொல்லிக்கொண்டார்கள். பட்டச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் கதை முடிந்தது. இல்லாவிட்டால் தேர்வு முடிவுகள் அன்றைய நாளிதழ்களில் வந்தன. 1929 முதல் 1932 வரை தேடினால் போதும். கிடைக்காவிட்டால் புத்தகத்தில் 'கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பயின்றார்' என்று போடுங்கள். இரண்டு தொகுப்பும் ஒத்துப்போகும் இடம் அதுதான்.

'மிராசுதார்', 'விவசாயம்' என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. எனக்கு இந்த எட்டு வரியில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். தஞ்சாவூர் ஜில்லாவில் 1940-களில் மிராசுதார் என்று போட்டுக்கொள்வது கௌரவம். 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. அந்தச் சூழ்நிலையில் அச்சாகும் புத்தகத்தில் மிராசுதார் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? அதே மனுஷர், அதே வயல், சொல் மட்டும் மாறிவிட்டது. தாமே தரும் குறிப்பு ஒருவர் என்னவாக இருந்தார் என்பதைவிட, அந்த வருஷத்தில் தம்மை என்னவாகச் சொல்லிக்கொள்ள விரும்பினார் என்பதை நன்றாகக் காட்டும். உங்கள் புத்தகத்தில் இரண்டு சொல்லையும் அந்தந்த வருஷத்தோடு போடுங்கள். அவருக்கு எவ்வளவு நிலம் இருந்தது என்பதற்கு மட்டும் இரண்டையும் ஆதாரமாக்காதீர்கள். மூன்று ஏக்கர் வைத்திருந்தவரும் மிராசுதார்தான், முந்நூறு ஏக்கர் வைத்திருந்தவரும் மிராசுதார்தான். அளவு வேண்டுமானால் பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, பட்டா, பாகப் பிரிவினைப் பத்திரம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நகராட்சித் தலைவர் விஷயம் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. பொதுவாக இந்த மாதிரிப் பொதுப் பதவி விஷயத்தில் தாமே தந்த குறிப்பை நான் ஓரளவு நம்புவேன். ஏனென்றால் அந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள் அதே ஊர்க்காரர்கள். இல்லாத தலைவர் பதவியைப் போட்டுக்கொண்டால் மறுநாள் கடைத்தெருவில் கேட்டுவிடுவார்கள். பிறந்த தேதியை அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் தலைவர் என்ற சொல்லுக்குப் பின்னால் ஏதோ ஒரு உண்மை இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தேடுங்கள்.

துணைத் தலைவராக இருந்திருக்கலாம். தலைவர் பதவி காலியானபோது சில மாதம் பொறுப்பு வகித்திருக்கலாம். வேறு ஊர் நகராட்சியாக இருக்கலாம், பஞ்சாயத்தாகவும் இருக்கலாம். அச்சிலும் போயிருக்கலாம். நான் சொன்ன அதே விழா மலரில் ஒருவர் "து. தலைவர்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். அச்சுக் கோத்தவர் "து." என்பதை ஏதோ இனிஷியல் என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார். பதினைந்து நாளில் ப்ரூஃப் திரும்பாவிட்டால் சரி என்று கொள்ளப்படும் என்று நாங்கள் ஒரு வரி அச்சடித்து அனுப்புவோம். அவர் அப்போது உடம்பு சரியில்லாமல் படுத்திருந்திருக்கிறார். ப்ரூஃப் வரவில்லை, நாங்களும் சரி என்று கொண்டுவிட்டோம். வெளியீட்டு விழாவில் அவர் மகன் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பா இதைப் பார்த்தா ரொம்ப வருத்தப்படுவார் சார்" என்றார். அவர் செய்யாத தப்பு அவர் பெயரில் நிற்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

இதற்கு ஒரு அடையாளம் பாருங்கள். உங்கள் எட்டு வரியில் தலைவர் என்பதற்கு நேரே வருஷம் இருக்கிறதா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இல்லை போலிருக்கிறது. அதே பக்கத்தில் மற்றவர்களுடைய பதவிகளுக்கு வருஷம் போட்டிருந்து இவருக்கு மட்டும் இல்லாவிட்டால், எழுதிக் கொடுத்ததிலோ சுருக்கியதிலோ ஏதோ விடுபட்டிருக்கிறது. அதேபோல அலுவலகப் பெயர்ப் பலகையையும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் யாரோ பின்னாளில் தொகுத்து எழுதிய பட்டியல்தான். சில மாதம் பொறுப்பில் இருந்தவர்கள், இடையில் வந்து போனவர்கள் அதில் விடுபடுவதுண்டு. கும்பகோணம் நகராட்சி 1866-இல் தொடங்கியது, 2021-இல் மாநகராட்சி ஆனது. இத்தனை வருஷத்துப் பெயர்களில் ஒன்று விட்டுப்போவது அதிசயம் இல்லை. நகராட்சிக் கூட்டத் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் யார் தலைமையில் நடந்தது, யார் யார் வந்திருந்தார்கள் என்று எழுதியிருப்பார்கள். அது அன்றன்றைக்கே எழுதியது, தாத்தாவும் எழுதவில்லை, அவருக்காகவும் எழுதவில்லை. தேர்தல் முடிவும் நியமனமும் அந்தக் கால அரசிதழில் வெளியாகும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசிதழ்களைப் பார்க்கலாம்.

தாமே தரும் குறிப்பில் பிழையைவிட அதிகம் இருப்பது மௌனம். தோற்ற தேர்தலை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. நொடித்துப்போன வியாபாரம், சீக்கிரம் இறந்துபோன முதல் மனைவி, கோர்ட்டுக்குப் போன பங்காளித் தகராறு எதுவும் அதில் இருக்காது. பாரத்திலும் அதற்கு இடம் இருக்காது. பாட்டியைப் பற்றி அந்த எட்டு வரியில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் 'மணமானவர்' என்பதோடு நின்றிருக்கும். அவர் பெயரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எழுதியதைச் சரிபார்ப்பதோடு, எழுதாமல் விட்டது எது என்று குடும்பத்தில் வயதானவர்களிடம் கேளுங்கள். அதைப் புத்தகத்தில் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பம் கூடி எடுக்க வேண்டிய முடிவு. அதில் நான் தலையிட முடியாது.

காசு கொடுத்தால் போட்டோவோடு போடும் தொகுப்புகளும் உண்டு. உங்களிடம் இருக்கும் புத்தகத்தின் முன்னுரையைப் படியுங்கள். யாரைச் சேர்த்தோம், எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லியிருக்கிறார்களா, அல்லது ஆதரவளித்த பெருமக்களுக்கு நன்றி மட்டும் சொல்லியிருக்கிறார்களா என்பதிலிருந்து தெரிந்துவிடும். காசு கொடுத்துப் போட்டதாகவே இருந்தாலும் உள்ளே இருக்கும் விவரம் பொய்யாகிவிடாது. அந்தப் புத்தகத்தில் இருப்பதாலேயே ஒருவர் பிரமுகர் என்று மட்டும் சொல்ல முடியாது.

சரி, புத்தகத்தில் எப்படிப் போடுவது? அந்த எட்டு வரியைத் திருத்தாமல் அப்படியே படமாகப் போடுங்கள், சித்தப்பா கேட்பதும் அதுதானே. அடியில் 'தாத்தா தாமே தந்த குறிப்பு' என்று புத்தகத்தின் பெயரையும் வருஷத்தையும் எழுதுங்கள். உங்கள் சொந்த எழுத்தில் வரும்போது, ஜாதகம் பொருந்தி வந்தால், 'பிறப்பு கீலக வருஷம் மாசி மாதம் (1909) ஜாதகப்படி. 1960-களில் அவர் தந்த குறிப்பில் 1-6-1908' என்று இரண்டையும் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தோடு போடுங்கள். பள்ளிப் பதிவேட்டில் அதே ஜூன் 1 கிடைத்துவிட்டால் 'பள்ளிப் பதிவின்படி' என்று சேர்த்துக்கொள்ளலாம், அதுவரை வேண்டாம். நகராட்சி விஷயத்தில் தீர்மானப் புத்தகம் பார்க்கும் வரை 'நகராட்சித் தலைவராக இருந்ததாக அவர் தந்த குறிப்பு சொல்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டியோ பீரோவோ இன்னும் இருக்கிறதா? அந்தத் தலைமுறையில் முக்கியமான பாரத்தை நிரப்பினால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள், கார்பன் வைத்து எழுதியோ, டைரியில் பார்த்து எழுதியோ. தொகுப்பு வந்த வருஷத்துக்கு முந்தைய ஓரிரண்டு வருஷக் காகிதக் கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். அது கிடைத்தால் முதலில் பதவிகள் என்ற கட்டத்தைப் பாருங்கள், 'தலைவர்' என்பதற்கு முன்னால் ஒரு 'து.' இருக்கிறதா என்று.